மீடியம் அக்காவின் இடுப்பு

எங்கள் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேலாளர் முதல் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் மீடியம். எங்களைப் போல வயதில் சிறியவர்களுக்கு மீடியம் அக்கா. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைக் கேலி என்று நினைப்பார்கள். கேலி இல்லை, அதுதான் அவள் பதவி.

பெண்களுக்கான பேன்ட் தைத்து வெளியே அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. ஆயிரக்கணக்கில் வெட்டித் தைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு பேன்ட்டைத் தைத்துப் பார்ப்போம். அதற்கென்று மாடியில் சாம்பிள் ரூம் இருக்கிறது. பேட்டர்ன் மாஸ்டர் காகிதத்தில் வரைந்து வெட்டுவார், நான் தைப்பேன், மீடியம் அக்கா போட்டுப் பார்ப்பாள். நடுவில் கிடக்கும் மரப்பலகை மேல் அவள் ஏறி நின்றால், மாஸ்டர் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அவளைச் சுற்றி வருவார். அவள் உடம்புக்குச் சரியாக உட்கார்ந்தால் அதுதான் மீடியம். அதிலிருந்து குறைத்து ஸ்மால், கூட்டி லார்ஜ்.

சும்மா நிற்கிற வேலைதானே என்று கீழ்த்தளத்தில் பேசுவார்கள். வந்து நின்று பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு பேன்ட்டை மாட்டிய உடனே, "மாஸ்டர், குனிஞ்சா பின்னாடி இழுக்குது, வலது முட்டிகிட்ட துணி முறுக்குது" என்று சொல்ல எல்லோராலும் முடியாது. அவளால் முடியும். கண்ணை மூடிக்கொண்டு, காது கேட்கிற மாதிரித் தலையைச் சாய்த்து, துணி சொல்வதைக் கேட்டுச் சொல்வாள். இருபது வருடத்துக்கு மேலாக அந்தப் பலகை அவளுடையது. செக்கிங் மேசையில் நூல் வெட்டிக்கொண்டிருந்தவளை மாஸ்டர் ஒருநாள் டேப்பால் அளந்துவிட்டு, "அச்சில வார்த்த மாதிரி இருக்கியேம்மா" என்று மேலே அழைத்து வந்தாராம். அந்த ஒரு வாக்கியத்தை அவள் எத்தனை தடவை சொல்லிக் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே சொல்வாள்.

குழப்பம் அவள் வீட்டில்தான் தொடங்கியது. அப்போது அவளுக்கு நாற்பத்தாறு முடிந்து நாற்பத்தேழு நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் வந்ததும் பையைப் பொத்தென்று வைத்தாள். "எங்க வீட்டு வாஷிங் மெஷினை உடைச்சுப் போடப் போறேன்" என்றாள்.

"ஏன்க்கா, அது என்ன பண்ணுச்சு?"

"துணியெல்லாம் சுருக்குது. போன வருஷம் எடுத்த பாவாடை கொக்கி மாட்ட மாட்டேங்குது. என் பொண்ணு வெந்நீர்ல போட்டுத் துவைக்கிறா. கேட்டா இல்லைங்கிறா."

கல்லூரியில் படிக்கும் அந்தப் பெண்ணோடு ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. "உன் துணி மட்டும் எப்படிம்மா சுருங்கும்? என்னோடது சுருங்கலையே, அப்பாவோடது சுருங்கலையே" என்று அந்தப் பெண் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அக்காவிடமும் கைவசம் ஒரு நியாயம் இருந்தது. வீட்டுப் பாவாடை மாட்டவில்லை, சரி. இங்கே சாம்பிள் ரூமில் வாரத்துக்கு நாலு பேன்ட் போடுகிறாள், எல்லாம் கச்சிதமாக உட்காருகிறது. உடம்பு பெருத்திருந்தால் மீடியம் பேன்ட் எப்படி ஏறும்? எடை மெஷினில் ஏறிப் பார்த்தாள். பழைய எடைதான், கூடினால் ஒரு கிலோ கூடியிருக்கும்.

"பாத்தியா?" என்றாள் என்னிடம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அப்போது கேட்டிருந்தால் வாஷிங் மெஷினுக்கு எதிராக நானும் சாட்சி சொல்லியிருப்பேன்.

பிறகு பையரிடமிருந்து புகார் வந்தது. எங்களிடம் பேன்ட் வாங்குகிற கம்பெனி அது. உங்கள் மீடியம் வர வர இடுப்பில் அகலமாக இருக்கிறது, எங்கள் அளவுக்கும் உங்கள் அளவுக்கும் ஒத்துப்போகவில்லை, கடையில் வாங்குகிறவர்கள் திருப்பித் தருகிறார்கள் என்று.

மேலாளர் மாடிக்கு ஏறி வந்தார். அவர் மாடிக்கு வந்தால் யாராவது ஒருவர் திட்டு வாங்குவார். அன்று என் முறை.

"தையல்ல பிடிக்க வேண்டியதைப் பிடிக்காம விட்டுட்டீங்களா?" என்று என்னைத்தான் முதலில் கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், என் தையலை யார் வேணா பிரிச்சுப் பாக்கட்டும். ஒரு நூல் பிசகியிருந்தா நான் நாளையிலிருந்து வரலை" என்றேன். பிரித்தும் பார்த்தார்கள், பிசகவில்லை. அடுத்து துணி இளகுகிறது என்றார்கள். துவைத்துக் காயவைத்துப் பார்த்தார்கள், இளகவில்லை. அடுத்து டேப். மாஸ்டரின் கழுத்திலேயே வருடக்கணக்காகக் கிடந்து நைந்துபோன டேப்பை வீசிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினார்கள். அதனாலும் எதுவும் தெளியவில்லை. எல்லாம் சரியாக இருந்தது, பேன்ட் மட்டும் தப்பாக இருந்தது. மாஸ்டர் தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை. பிய்க்க அவரிடம் முடியும் அதிகம் இல்லை.

கடைசியில் பையர் ஒரு பேன்ட்டை அனுப்பிவைத்தார்கள். பல வருடங்களுக்கு முன்னால் இதே அறையில் தைத்து, இதே அக்கா போட்டுப் பார்த்து, இதுதான் சரியான மீடியம் என்று அவர்கள் முத்திரை வைத்து எடுத்துப்போன பேன்ட். இதைப் போட்டுப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அக்கா திரைக்குப் பின்னால் போனாள். வெகுநேரம் வரவில்லை. மேலாளர் தொண்டையைச் செருமினார். பிறகு வந்தாள். இரண்டு கையாலும் முன்பக்கத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். பட்டனுக்கும் பட்டன் துளைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அதைவிட விசித்திரம், தொடையில் துணி தொளதொளவென்று ஆடியது. பின்பக்கம் சுருங்கித் தொங்கியது. இடுப்பில் பேன்ட் சின்னது, தொடையில் பேன்ட் பெரியது. ஒரே பேன்ட், ஒரே உடம்பு.

"இது நான்தானே போட்டது" என்றாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

மாஸ்டர் பலகைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்குத்தான் முதலில் புரிந்தது. "நான்தான் விட்டுக்கிட்டே வந்திருக்கேன்" என்றார். ஒவ்வொரு தடவையும் புதிய சாம்பிளை அவள் உடம்பில் மாட்டி, எங்கே பிடிக்கிறதோ அங்கே ஒரு நூலளவு விட்டு, எங்கே தொளதொளக்கிறதோ அங்கே ஒரு நூலளவு பிடித்து, அதையே அடுத்த பேட்டர்னுக்கு அடிப்படையாக வைத்திருக்கிறார். ஒரு தடவையில் தெரியாது. கையெழுத்து மாறுவது போல மாறியிருக்கிறது. அவள் மாற மாற எங்கள் மீடியமும் கூடவே மாறியிருக்கிறது. அதனால்தான் கம்பெனி பேன்ட் எல்லாம் அவளுக்குக் கச்சிதம். உலகத்தில் மாறாமல் இருந்தது அவள் வீட்டுப் பாவாடை ஒன்றுதான். அதற்குப் போய் வாஷிங் மெஷினுக்குத் திட்டு.

மேலாளர் கெட்டவர் இல்லை, ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர். "பையரோட டெக்னீஷியன், அளவு சரிபாக்கிறவங்க, அடுத்த சீசனுக்கு முன்னாடி வர்றாங்க. அதுக்குள்ள பழைய அளவுக்கு வந்துட்டா நீங்களே நில்லுங்க. இல்லைன்னா வேற பொண்ணைப் பாக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தப்பா எடுத்துக்காமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அன்று முதல் அக்கா சாப்பாட்டை விட்டாள். காலையில் வெறும் டீ, மத்தியானம் ஒரு வெள்ளரிக்காய். ராத்திரி கேட்டால் பேச்சை மாற்றுவாள். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வந்தாள். வீட்டில் பஸ் ஓட்டுநரான அவள் கணவருக்குக் கோபம். "என் வயிறு இருபது வருஷமா ஸ்டீயரிங்ல முட்டுது. நான் என்ன பட்டினியா கிடக்கேன்?" என்றாராம். "உங்க வயித்தை வெச்சு யாரும் பேன்ட் தைக்கலைங்க" என்று பதில் சொன்னாளாம்.

எடை இறங்கியது. தினமும் வந்து சொல்வாள். கன்னம் ஒட்டியது. கழுத்து எலும்பு தெரிந்தது. மணிக்கட்டிலிருந்த வாட்ச் முழங்கைவரை ஓடியது. மாஸ்டர் புது டேப்பை இடுப்பில் சுற்றிப் பார்ப்பார். இடுப்பு ஏதோ பேருக்குக் கொஞ்சம் இறங்கியிருந்தது. தொடைதான் கரைந்துகொண்டிருந்தது. முத்திரை வைத்த அந்தப் பேன்ட் முன்னைவிட அதிகமாகத் தொடையில் ஆடியது, பட்டன் மட்டும் மாட்டவில்லை.

"எங்கிட்ட இருந்து எதை எடுக்கச் சொன்னா எதை எடுக்குது பாரு" என்று கண் கலங்கினாள். "என் உடம்புக்கு நான் சொல்றது கேக்கலையா? இல்ல கேட்டுக்கிட்டே எதிர்த்துப் பண்ணுதா?"

எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சாப்பாட்டைக் குறைத்தால் இளைக்கும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள். இளைக்கத்தான் செய்தாள். ஆனால் வேறு யாரோ போல இளைத்தாள்.

ஒருநாள் பலகை மேல் நிற்கும்போது கால் வெடவெடவென்று நடுங்கியது. மாஸ்டர் குண்டூசியைத் துப்பிவிட்டுப் பிடித்தார். அன்று மத்தியானமே அவளை இழுத்துக்கொண்டு நான் கிளினிக்குக்குப் போனேன். இழுத்துக்கொண்டு என்று சும்மா சொல்லவில்லை, கையைப் பிடித்துத்தான் இழுத்தேன்.

சீட்டை அக்காவே போட்டு வாங்கினாள், முறை வந்தபோது டோக்கன் நம்பரைத்தான் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா எங்களைவிட வயதில் மூத்தவர். பொறுமையாகக் கேட்டார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? இரண்டு மாதம் வராது, பிறகு சேர்த்துவைத்து வரும் என்றாள் அக்கா. தூக்கம்? நடுராத்திரியில் வேர்த்துக் கொட்டி எழுந்துவிடுகிறேன் என்றாள். இதையெல்லாம் என்னிடம்கூடச் சொன்னதில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அடுத்த தடவை போனபோது தைராய்டில் கோளாறு இல்லை என்றார் டாக்டரம்மா, சர்க்கரை மட்டும் எல்லைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது என்றார்.

"நான் முன்னைவிட ஒண்ணும் அதிகமா சாப்பிடலை மேடம். எடையும் கூடலை. அப்புறம் இந்த வயிறு எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டாள் அக்கா. இத்தனை நாள் யாரையோ கேட்க வேண்டுமென்று வைத்திருந்த கேள்வி.

"எடை மெஷினுக்குத் தசையும் கொழுப்பும் ஒண்ணுதாங்க. எது போச்சு, எது வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது" என்றார் டாக்டரம்மா. "வயசு ஏற ஏறத் தசை கொஞ்சம் கொஞ்சமா குறையும். எல்லாருக்கும்தான், ஆம்பளைங்களுக்கும். தசை குறைஞ்சா உடம்பு சும்மா இருக்கும்போது செலவு பண்றதும் கொஞ்சம் குறையும். அதே சாப்பாடு இப்போ மிச்சமாகும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன். அது நல்லா சுரக்கிற வரைக்கும் மிச்சக் கொழுப்பைத் தொடையிலயும் பின்பக்கத்துலயும் சேர்க்கும். மாதவிலக்கு நிக்கப்போற காலத்துல அது தாறுமாறா ஏறி இறங்கி, அப்புறம் குறைஞ்சிடும். அப்போ கொழுப்பு வயித்துப் பக்கம் சேரும். தோலுக்கு அடியில மட்டுமில்ல, உள்ள, குடலைச் சுத்தி. அதுதான் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் ஆகாதது."

"அப்போ பட்டினி கிடந்தும் ஏன் போகலை?"

"கொழுப்பும் போயிருக்கும். ஆனா சாப்பாடே இல்லாம, தசைக்கு வேலையும் கொடுக்காம இருந்தா, தசையும் சேர்ந்து போகும். உங்களுக்கு இருந்ததே கொஞ்சம்."

அக்கா முகம் விழுந்துவிட்டது. இருந்ததையும் அவளே கரைத்திருக்கிறாள். "ஹார்மோன் மாத்திரை கொடுத்துடுங்களேன்" என்றாள்.

"வேர்வைக்கும் தூக்கத்துக்கும் வேணும்னா பேசலாம், உங்களுக்கு ஒத்துக்குமான்னு பாத்துட்டு. வயித்தைக் குறைக்கிற மாத்திரை இல்ல அது." டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சாப்பிடுங்க. முட்டை, பருப்பு, மீன், எது முடியுதோ அது. வாரத்துல ரெண்டு மூணு நாள் கனமா எதையாவது தூக்குங்க, உட்கார்ந்து எழுந்திருங்க. நடக்கறதையும் விடாதீங்க. தூங்குங்க."

"அளவு பழையபடி வந்துடுமா மேடம்?"

"குறையும். பலம் வரும். ஆனா அதே இடத்துக்குத் திரும்பும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எதுக்கு அதே அளவு வேணும் உங்களுக்கு?"

அவள் வேலையைச் சொன்னோம். டாக்டரம்மா பேனாவை மறுபடி எடுத்து, அடுத்து வர வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அக்கா என்னைப் பார்த்து, "சாப்பிடாட்டி தொடை போகுது. சாப்பிட்டா வயிறு வருமோன்னு பயமா இருக்கு. நான் எந்தப் பக்கம்தான் போறது?" என்றாள். பக்கத்திலிருந்த கடையில் இரண்டு அவித்த முட்டை வாங்கிக் கொடுத்தேன். மருந்து விழுங்குகிற மாதிரி விழுங்கினாள்.

அதன் பிறகு சாம்பிள் ரூம் ஒரு கூத்தாக மாறியது. இடைவேளையில் அக்கா துணிச் சுருளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து எழுவாள். முதலில் சின்னச் சுருள், போகப் போகப் பெரிய சுருள். "சுருளைக் கல்யாணம் பண்ணிக்கிட்டியா?" என்று மாஸ்டர் கேலி செய்தார். "உங்களுக்கும் தசை போகுதாம் மாஸ்டர், டாக்டர் சொன்னாங்க" என்று நான் சொன்னதும் கேலி நின்றது. இரண்டு நாள் கழித்து அவரும் ஒரு சுருளைத் தூக்கிப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழ்த்தளத்திலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தது.

எடை திரும்ப ஏறியது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கால் நடுங்கவில்லை. தொடையில் துணி கொஞ்சம் நிறைந்தது. இடுப்பில் ஒரு விரல் குறைந்தது. ஒரு விரல்தான். நாலு விரல் குறைய வேண்டிய இடத்தில் ஒரு விரலுக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பையரின் டெக்னீஷியன் வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். முத்திரை வைத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு அக்கா பலகை மேல் ஏறினாள். பட்டன் மாட்டவில்லை. இந்தத் தடவை கையால் மறைக்கவில்லை. டெக்னீஷியன் இடுப்பு, வயிறு, தொடை என்று தன் டேப்பால் அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"இடுப்பு லார்ஜ், தொடை ஸ்மால், மீடியம் எங்கயும் இல்ல" என்றார். பிறகு குரலைத் தணித்து, "என்னோடதும் இப்போ இப்படித்தான். எங்க கம்பெனி பேன்ட்டே எனக்குச் சேர மாட்டேங்குது" என்றார்.

அப்படியானால் இவருக்குப் புரியும், இவர் ஏதாவது செய்வார் என்று நினைத்தேன். அவர் டேப்பைச் சுருட்டினார். "ஆனா எங்க மீடியம் அளவை மாத்த முடியாது. மன்னிச்சுக்கோங்க" என்றார்.

மேலாளர் வாயைத் திறந்தார். அதற்குள் அக்காவே இறங்கிவிட்டாள். பலகையிலிருந்து கீழே வைத்த கால் தடுமாறவில்லை. "சரிங்க. நான் செக்கிங் மேசைக்கே போறேன். அங்கிருந்துதானே வந்தேன்" என்றாள். திரைக்குப் பின்னால் போய் அந்தப் பேன்ட்டைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மடித்து டெக்னீஷியன் கையில் கொடுத்தாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. அது என்னை இன்னும் குழப்பியது.

அந்த வாரமே புதுப் பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது, அச்சில் வார்த்த மாதிரிதான் இருந்தாள். மறுநாளே கீழ்த்தளத்தில் அவளை மீடியம் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அக்காவை என்னவென்று கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. செக்கிங் மேசையில் எதிரே போய் நின்று, "இங்க பாருங்க" என்று சொல்லிச் சமாளித்தார்கள். சிலர் பழக்கத்தில் "மீடியம் அக்கா" என்று தொடங்கிப் பாதியில் விழுங்கினார்கள். அவள் நிமிர்ந்து பார்ப்பாள், பிறகு நூல் வெட்டுவாள். இடைவேளையில் மட்டும் மாடிக்கு வந்து சுருளைத் தூக்குவாள். அதை மட்டும் விடவில்லை.

ஒருநாள் அப்படி வந்தபோது மாஸ்டர், "பலகை மேல ஏறும்மா" என்றார்.

"எதுக்கு மாஸ்டர்? அதான் பொண்ணு வந்தாச்சே."

"ஏறுன்னா ஏறு."

ஏறினாள். மாஸ்டர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார். அட்டவணையைப் பார்க்கவில்லை, பழைய பேட்டர்னை எடுக்கவில்லை. இடுப்பு எவ்வளவோ அவ்வளவு, தொடை எவ்வளவோ அவ்வளவு எழுதிக்கொண்டார். நல்ல துணி ஒன்றை எடுத்து வைத்திருந்தார். நான்தான் தைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக ஒரு பேன்ட் தைத்ததில்லை.

அவள் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பட்டன் தானாக மாட்டிக்கொண்டது போல இருந்தது. தொடையில் துணி நேராக இறங்கியது. வழக்கம்போலக் கண்ணை மூடித் தலையைச் சாய்த்தாள். நாங்கள் காத்திருந்தோம். எங்கே இழுக்கிறது, எங்கே முறுக்குகிறது என்று சொல்வாள் என்று மாஸ்டர் குண்டூசியோடு நின்றார்.

"எங்கயும் ஒண்ணும் இல்ல மாஸ்டர்" என்றாள். இருபது வருடத்தில் ஆயிரக்கணக்கில் பேன்ட் போட்டுக் கழற்றியிருக்கிறாள். அவளுக்கென்று வெட்டியது இதுதான் முதல்.

மாஸ்டர் அந்தக் காகித பேட்டர்னை எடுத்து ஆணியில் மாட்டினார். ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று வரிசையாகத் தொங்கியவற்றுக்குப் பக்கத்தில். ஒவ்வொன்றிலும் சைஸ் எழுதுகிற மூலையில், இதில் அவள் பெயரை எழுதியிருந்தார். நான் கிட்டப் போய் எழுத்துக்கூட்டிப் படித்தேன். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து தைத்த எனக்கு அந்தப் பெயர் அன்றைக்குத்தான் தெரியும்.